இரண்டு நிழல் விழுந்த படம்

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு கூட்டத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடையில் பில்லுக்குப் பின்னால் அளவு எழுதிப் பழகிய கைதான் இது. ஆனாலும் அந்தச் சிவப்புக் கட்டத் துண்டு விஷயத்தை யாராவது எழுதி வைக்க வேண்டும். அது முழுக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், தப்பு செய்ததும் நான்தான்.

திருத்தணியில் மலைக்குப் போகிற படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த ஒரு ஸ்டுடியோவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போதெல்லாம் ஃபிலிம்தான். கழுவி வந்த நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி உறையில் போடுவது என் வேலை. நெகட்டிவின் ஓரத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இருக்கும். எந்தப் படம் முன்னால், எந்தப் படம் பின்னால் என்பதில் சண்டையே வராது. அந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது.

பிறகு டிஜிட்டல் வந்தது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். "இனிமே இதான் உன் நெகட்டிவ் பொட்டி, நீதான் பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நானும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு ஃபோல்டர். திறந்தால் தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் தலையில் ஒரு தட்டு தட்டினால் படங்கள் காலையிலிருந்து சாயந்திரம் வரை வரிசையாக நின்றுவிடும். நெகட்டிவ் எண் போல அதையும் யாராலும் மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் ஆவணியில் கனகம்மாசத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. குழந்தைக்கு முதல் மொட்டை, காது குத்தல். ஒன்றே கால் வயசுப் பையன், கன்னம் இரண்டும் பன் மாதிரி. அவனுடைய அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அண்ணனுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில் ஆரம்பித்தது. மொட்டைக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அதனால் அவள் போய்க் காலில் விழாத குறையாக அழைத்து, அவரும் வந்தார். அவர் மடியில் உட்கார்த்தித்தான் முடி இறக்கினார்கள். இரண்டு வருடச் சண்டை அன்று மலை மேலேயே தீர்ந்தது. இதையெல்லாம் அவளே கடையில் வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

அன்றைக்கு இரண்டு கேமரா. ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று அவர் தோஸ்த் ஒருவருடையது. முகூர்த்த நாளில் ஆள் போதாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவோம். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வழக்கம்போல டிவிடியிலும் ஒரு பேக்கப் எடுத்து வைத்தேன். நாலாம் நாள் கம்ப்யூட்டர் கிர்கிர் என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அரக்கோணம் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவர் புது டிஸ்க் மாட்டி, டிவிடியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தார். ஒரு படம்கூட விடுபடவில்லை. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் ஃபோல்டரைத் திறந்து தேதிக் கட்டத்தைத் தட்டினால் எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி. ரிப்பேர்காரர் ஏற்றிக் கொடுத்த அந்தச் சாயந்திரத்துத் தேதி. தோஸ்த்தின் படங்கள் எல்லாம் முன்னால், முதலாளியின் படங்கள் எல்லாம் பின்னால். மலை ஏறுகிறார்கள், மொட்டை, சாமி கும்பிடுகிறார்கள், மறுபடியும் மலை ஏறுகிறார்கள், மறுபடியும் மொட்டை.

நான் அப்போதே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். தவிர, மொட்டை விசேஷத்தில் எது முன்னால் எது பின்னால் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்க்கிறேன். கையாலேயே வரிசைப்படுத்தினேன். அதில் ஒரு படம். பையன் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தலையோடு காதோடு போர்த்திக்கொண்டு, அவனுடைய சித்தப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறான். சித்தப்பா என்றால் அவள் வீட்டுக்காரரின் தம்பி. துண்டுக்குள் முடி இருக்கிறதா, மொட்டையா என்று தெரியவில்லை. கத்தி வைக்கும் முன்பு தலையில் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள் அல்லவா? அப்போது குளிருக்குப் போர்த்தியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்து, அதை மொட்டைக்கு முன்னால் வைத்தேன். அறுபது படம் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போட்டு, மூன்று வாரத்தில் கவர் ஆல்பத்தில் செருகிக் கொடுத்தேன். ஆல்பம் அழகாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து பையனின் அம்மா, அதாவது அந்தத் தங்கச்சி, வந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆல்பத்தை மேசையில் வைத்தாள்.

"அக்கா, ஆசையா எங்கண்ணன் ஊட்டுக்குத்தான் மொதல்ல எடுத்துகினு போனேன். ரெண்டு பக்கம் பெரட்டுச்சு. இந்தப் படத்தப் பாத்துச்சு. மூடி வெச்சிடுச்சு."

அவள் விரல் வைத்தது அந்தத் துண்டுப் படத்தில்.

"'எனக்கு முன்னாடியே அவன் மடியில ஒக்கார வெச்சு முடி எடுக்க ஆரம்பிச்சிட்டீங்க, அப்புறம் பேருக்கு என்ன ஒக்கார வெச்சீங்க, அப்பிடித்தானே'ங்குது. நான் இல்லண்ணாங்கறேன். 'படம் பொய் சொல்லுமா'ங்குது. இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டுது."

அண்ணன் தேங்காயும் கம்மலும் எடுத்து வரப் போனபோது கொழுந்தன் பிள்ளையை இரண்டு நிமிடம் வைத்திருந்தான், அவ்வளவுதான் என்றாள். மொட்டை அடித்த பிறகு.

ஆல்பத்தை என் பக்கம் திருப்பினேன். படம் பொய் சொல்லவில்லை. நான்தான் இடம் மாற்றி வைத்து அதைப் பொய் சொல்ல வைத்திருந்தேன். அவளுக்கு அண்ணனை விட்டால் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "படத்துக்கு நம்பர் இருக்குமே, அத்தப் பாத்தா போச்சு" என்றார். பார்த்தோம். தோஸ்த் அன்றைக்கு இரண்டு சின்ன மெமரி கார்டு மாற்றியிருந்தார். இரண்டிலும் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. எந்தக் கார்டு முதலில் என்று கேட்டால், "மொதல்ல போட்டதுதான் மொதல்ல" என்று போனில் சிரிக்கிறார்.

ரிப்பேர்காரரை வரவழைத்தார் முதலாளி. அவர் படத்தைத் திறக்காமல் அதன் மேல் மவுஸை வைத்து எதையோ அழுத்தினார். ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அதில் எடுத்த தேதி என்று தனியாக ஒரு வரி இருந்தது.

"அக்கா, தபால் மாதிரி நெனச்சிக்குங்க. நீங்க பாத்துகினு இருந்த தேதி கவர் மேல குத்தற முத்திரை. நான் டிவிடியில இருந்து எடுத்து ஏத்தினப்ப அது புது முத்திரை ஆயிடுச்சு. கேமரா எழுதினது லெட்டருக்கு உள்ள இருக்கற தேதி. அது அப்பிடியே கீது."

"இத்த நீ அன்னிக்கே சொல்றதுக்கின்னா?" என்றார் முதலாளி.

"கேட்டா சொல்லியிருப்பேன். அக்காதான் வாயே தொறக்கலியே."

உள் தேதியை வைத்து வரிசைப்படுத்தினோம். முதலாளியின் படங்கள் ஒழுங்காக வந்தன. தோஸ்த்தின் படங்கள் மட்டும் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி, விடியற்காலை என்று காட்டின. பையன் அப்போது பிறக்கவே இல்லை.

"அவன் பேட்டரிய எடுத்துட்டு மாசக்கணக்கா பெட்டியில போட்டிருப்பான்" என்றார் முதலாளி. "திரும்பப் போட்டதும் கேமரா தேதி கேக்கும். இவன் பேசிகினே ஓகே அமுக்கியிருப்பான். அது தான் பொறந்த வருஷத்து ஜனவரி ஒண்ணு, நடுராத்திரியில இருந்து எண்ண ஆரம்பிச்சிடுச்சு."

கடிகாரம் தப்பாக இருந்தாலும் ஓடுவது சரியாகத்தான் ஓடியிருக்கும். அதனால் இரண்டு கார்டில் எது முன்னால் என்பது உடனே தெரிந்துவிட்டது. துண்டுப் படம் இரண்டாவது கார்டில், மொட்டைக்குப் பின்னால். எனக்குப் பாதி மூச்சு வந்தது. ஆனால் அந்தப் படம் முதலாளியின் எந்தப் படத்துக்கு அடுத்தது? இரண்டு கேமராவும் ஒரே நொடியில் எடுத்த ஒரு படம் கிடைத்தால், இரண்டு கடிகாரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும் என்றார் ரிப்பேர்காரர். ஒரே நொடியில் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

"நெழலப் பாரும்மா" என்றார். "ஒரு ஃபிளாஷ் அடிச்சா செவுத்துல ஒரு நெழல். பக்கத்துல இன்னொருத்தன் அதே நேரத்துல அடிச்சா ரெண்டு நெழல். ஃபிலிம் காலத்துல அப்பிடி உழுந்தா படம் கெட்டுச்சின்னு தலையில அடிச்சிக்குவோம்."

முடி இறக்கும் மண்டபத்து வெள்ளைச் சுவர் இருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கத்தி முதல் தடவை தலையில் பட்ட படம். தாய்மாமன் மடியில் பையன் வாயைப் பிளந்து அழுகிறான். சுவரில் தாய்மாமனின் தலை இரண்டு. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். தோஸ்த்தின் படத்திலும் அதே வாய், அதே கத்தி, அதே இரண்டு தலை.

முதலாளியின் கேமராவில் மணி ஒன்பது நாற்பத்திரண்டு, பத்து நொடி. தோஸ்த்தின் கேமராவில் மூன்று பதினைந்து, நாற்பது நொடி. கழித்துப் பார்த்தால் ஆறு மணி இருபத்தாறு நிமிடம் முப்பது நொடி.

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்போ அன்னிக்கு ஆறு இருபத்தாறுக்குத்தான் இவன் பேட்டரியே போட்டிருக்கான்! ஆறு மணிக்கே மலை மேல வந்து நின்னுகினு இருந்தேன்னு என்கிட்ட அளந்தானே!"

மணி சரி, நாள்? இடையில் எத்தனை நாள் என்றும் அந்தத் திருத்துகிற ப்ரோக்ராமுக்குச் சொல்ல வேண்டும். ரிப்பேர்காரர் முதலில் எல்லாப் படத்துக்கும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டார். முதலாளி கணக்குப் போட்டார். "நம்ம மலைக்கு வருஷத்துக்கு எத்தினி நாளோ அத்தினி படி. முந்நூத்தறுபத்தஞ்சு. ரெண்டு தபா ஏறி, இந்த வருஷத்து ஜனவரியில இருந்து மிச்சத்தக் காலண்டர்ல எண்ணிக்க." எண்ணினேன். கொடுத்தோம். தோஸ்த்தின் படங்கள் எல்லாம் முந்தின நாளில் போய் விழுந்தன. மொட்டைக்கு ஒரு நாள் முன்னாலேயே மொட்டை.

காலண்டரை மறுபடி எண்ணினேன், கணக்கு சரியாகவே வந்தது. இடையில் போன வருடம் லீப் வருடம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லத் தயங்கினேன். பிறகு, வாயைத் திறக்காததால்தானே இவ்வளவும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

"அட ஆமாம்" என்றார் முதலாளி. "லீப் வருஷத்துக்கு ஒரு படி சேத்துக் கட்டாம உட்டுட்டானுங்களே!"

ஒரு நாள் சேர்த்ததும் இரண்டு கேமராப் படங்களும் சீட்டுக்கட்டு கலைத்தது போல ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சேர்ந்தன. முதலாளி எடுத்த மலை ஏற்றம், தோஸ்த் எடுத்த மலை ஏற்றம், கத்தி, கத்தி, தலை கழுவுவது. இனிமேல் எந்த பேக்கப்பில் போய்வந்தாலும் குழம்பாமல் இருக்க, எடுத்த நேரத்தையே ஒவ்வொரு படத்துக்கும் பெயராக வைத்துக் கொடுத்தார் ரிப்பேர்காரர். வருடம் முதலில், பிறகு மாதம், நாள், மணி. நெகட்டிவ் ஓரத்து எண் திரும்பி வந்தது போல எனக்கு இருந்தது.

துண்டுப் படத்துக்கு முந்தைய படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். முதலாளி எடுத்தது. கை அசைந்து மங்கிப் போனது என்று நான் ஆல்பத்துக்கு எடுக்காமல் விட்ட படம். கழுவிய மொட்டைத் தலையோடு பையன் நடுங்குகிறான். மலைக்காற்று. தாய்மாமன் தன் தோளில் இருந்த துண்டை உருவி அவன் தலையில் போர்த்துகிறார். சிவப்புக் கட்டம்.

நாற்பது நொடிக்குப் பிறகு, சித்தப்பா மடியில் அதே துண்டு.

கத்தி பட்ட படம், துண்டு போர்த்துகிற படம், சித்தப்பா மடிப் படம், மூன்றையும் அப்போதே பிரிண்ட் போட்டோம். தங்கச்சிக்குப் போன் செய்தார் முதலாளி. அவள் உடனே வந்துவிட்டாள். "நீயே அவ அண்ணன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாம்மா" என்றார் என்னிடம். நான் முதலாளியைப் பார்த்தேன். "நான் போனா அவன் என்கூடச் சண்டைக்கு வருவான். உன்னப் பாத்தா சண்டை போடத் தோணாது" என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு பேரும் கனகம்மாசத்திரம் பஸ்ஸில் ஏறினோம், அண்ணனும் அந்தப் பக்கம்தான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் எட்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் வீட்டு வாசலில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். அண்ணன் பலகையில் உட்கார்ந்து கடலையைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் வாங்க என்றாள்.

"நான் ஸ்டுடியோவில இருந்து வரேங்க" என்றேன். மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. "ஆல்பத்துல படத்த மாத்தி வெச்சது நான்தாங்க. உங்க தங்கச்சி மேல தப்பில்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயி தேதியெல்லாம் மாறிடுச்சு. நானா யோசிச்சு வெச்சிட்டேன். இப்ப சரிபண்ணிட்டோம்."

"சரிபண்ணிட்டீங்களா?" என்றார். "கம்ப்யூட்டர்ல எத வேணா மாத்தலாம்மா. நேத்து ஒரு தேதி, இன்னிக்கு ஒரு தேதி. நாளைக்கு நான் மலைக்கே வரலன்னுகூட ஒரு தேதி போடுவீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மாற்றினீர்களா என்றால் மாற்றினோம்தான். நிழலையும் லீப் வருடத்தையும் இவருக்கு எப்படிச் சொல்வது? மூன்று படத்தையும் வரிசையாகப் பலகையில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் மனைவி குனிந்து பார்த்தாள். நடுப் படத்தைக் கையில் எடுத்தாள்.

"இன்னாங்க, இது உங்க துண்டு தானே?"

"எந்தத் துண்டு?"

"பொதட்டூர்பேட்டையில ரெண்டு வாங்கினு வந்தீங்களே, அதுல ஒண்ணு. காணம் காணம்னு ஒரு மாசமா என்னப் போட்டு வாட்டிகினு இருக்கீங்களே, அதான்! இங்க நீங்களே புள்ளைக்குப் போத்தறீங்க. மொட்டத் தலையில. அடுத்த படத்துல அத்த மூடிகினுதான் அவரு மடியில ஒக்காந்துகினு கீறான்."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், துண்டு அங்கே இருப்பது போல. அந்தத் துண்டு அவர் தோளில் இருந்துதான் போனது. மொட்டையடித்த தலைக்குத்தான் போனது. அவர் வருவதற்கு முன்னால் அது சித்தப்பா மடிக்குப் போயிருக்க முடியாது. தேதியை நம்பாதவர் துண்டை நம்பினார்.

படத்தைப் பலகையில் வைத்துவிட்டு, அன்று முதல் தடவையாகத் தங்கச்சியை நேராகப் பார்த்தார்.

"அப்போ என் துண்டு உன்கிட்டயா கீது?"

"ஆங்ணா. தொவச்சு மடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். சொல்லும்போதே அழுதாள், அழும்போதே சிரித்தாள்.

"ஒரு மாசமா வெச்சிகினு ஒரு வார்த்த சொல்லல பாரு! இவள்ட்ட நான் வாங்காத திட்டு இல்ல" என்று மனைவியைக் காட்டினார்.

"நானா திட்டினேன்? நீங்கதான் என்னத் திட்டினீங்க!" என்றாள் மனைவி.

"சரி சரி. கடலைய ஓரமாத் தள்ளு, அவங்க ஒக்காரட்டும்" என்றார். "பாவாகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழம நானே வந்து துண்ட வாங்கிக்கறேன்னு." பாவா என்றது அவள் வீட்டுக்காரரை.

என் பையில் இருந்த ஆல்பத்தை அவரே கேட்டு வாங்கினார். கவரிலிருந்து சித்தப்பா மடிப் படத்தை உருவி, மங்கிப்போன படத்தை மொட்டைக்குப் பின்னால் செருகி, அதற்கும் பின்னால் இதைச் செருகினார். தடித்த விரல், கவர் சுலபமாகத் திறக்கவில்லை. நான் உதவக் கை நீட்டினேன். "வேணாம், நீ மறுபடியும் மாத்தி வெச்சிடுவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும்போது ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலை கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் காலை கடை திறந்ததும், தோஸ்த்திடம் அவர் கேமராவைக் கேட்டு வாங்கி, இரண்டு கேமராவையும் மேசையில் வைத்து நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். தோஸ்த்துடையது இன்னும் இரண்டு வருடம் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது, சரிசெய்தேன். அன்று மூன்று பாஸ்போர்ட் போட்டோ மட்டும் வந்தது.